பழைய நகை வெளியே வரும் விலை

கேள்வி: தங்கம் விலை திடீரென்று ஏறினால் புது நகை வாங்குவது குறைகிறது, பழைய நகையை விற்பது கூடுகிறது என்கிறார்கள். இதை விலை நெகிழ்ச்சியை வைத்து விளக்க முடியுமா? அப்படியென்றால் 2025-இல் விலை அவ்வளவு ஏறியும் இந்தியாவில் பழைய நகை ஏன் வந்து குவியவில்லை?

பதில்:

முதலில் ஒரு முழு வருடக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2023-இல் லண்டன் சந்தையில் தங்கத்தின் சராசரி விலை அவுன்ஸுக்கு 1,941 டாலர். 2024-இல் 2,386 டாலர். ஏறக்குறைய 23 சதவீத ஏற்றம். உலகத் தங்கக் கவுன்சிலின் கணக்குப்படி, அதே காலத்தில் உலகம் முழுக்க மக்கள் வாங்கிய நகைத் தங்கம் சுமார் 2,110 டன்னிலிருந்து 1,877 டன்னுக்கு இறங்கியது. அதாவது 11 சதவீதம் குறைவு. பழைய தங்கமாக விற்கப்பட்டு, உருகி, மறுபடி சந்தைக்கு வந்தது சுமார் 1,235 டன்னிலிருந்து 1,370 டன்னுக்கு ஏறியது. இது 11 சதவீதம் கூடுதல்.

நெகிழ்ச்சி என்பது இந்தச் சதவீதங்களை வகுத்துப் பார்ப்பதுதான். விலை ஒரு சதவீதம் ஏறினால் அளவு எத்தனை சதவீதம் மாறுகிறது என்று கேட்கிறோம். 11-ஐ 23-ஆல் வகுத்தால் 0.5-க்குப் பக்கத்தில் வருகிறது. நகை வாங்குவதில் அது மைனஸ் 0.5, அதைத் தேவை நெகிழ்ச்சி என்போம். பழைய தங்கம் வருவதில் பிளஸ் 0.5, அது அளிப்பு நெகிழ்ச்சி. இரண்டும் ஒரே எண்ணாக அமைந்தது அந்த வருடத்தின் தற்செயல், அதில் விதி எதுவும் இல்லை.

கறாராகப் பார்த்தால் இது கச்சாக் கணக்கு. ஒரு வருடத்தில் விலை மட்டுமா மாறுகிறது? வருமானம் மாறும், வரி மாறும், முகூர்த்த நாட்களின் எண்ணிக்கை மாறும். இந்தியாவையே பாருங்கள். 2024-இல் இங்கே நகைத் தங்கம் 2 சதவீதம்தான் குறைந்தது. இந்தியர்களுக்கு விலை உறைக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த ஜூலையில் மத்திய பட்ஜெட் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக வெட்டியது, உள்ளூர் விலை சட்டென்று இறங்கியது, தள்ளிப்போட்டவர்கள் எல்லாம் கடைக்கு வந்துவிட்டார்கள். அதனால் 0.5 என்பதைத் துல்லியமான அளவாக எடுக்காதீர்கள். ஒன்றுக்குக் குறைவு, பூஜ்யத்துக்கு மேல் என்ற அளவுக்கு அதை நம்பலாம்.

அந்த 'ஒன்றுக்குக் குறைவு' என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. எடை 11 சதவீதம் குறைந்தாலும், விலை 23 சதவீதம் ஏறியதால் மக்கள் நகைக்குக் கொடுத்த மொத்தப் பணம் கூடிவிட்டது. 0.89-ஐ 1.23-ஆல் பெருக்கினால் 1.09. அதாவது 9 சதவீதம் அதிகம். அதனால்தான் ஒரே வருடத்தைப் பற்றி 'தங்க நகை விற்பனை சரிவு' என்று ஒரு செய்தியும், நகைக்கடைகளின் வருமானம் உயர்வு என்று இன்னொரு செய்தியும் வருகிறது. ஒன்று டன்னில் எண்ணுகிறது, மற்றது ரூபாயில் எண்ணுகிறது. இரண்டும் உண்மைதான். கடைக்குள் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்: பில் தொகை பெரிதாகிறது, தராசில் எடை சிறிதாகிறது.

சரி, மைனஸ் 0.5 எங்கிருந்து வருகிறது? வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு.

முதல் வகைக் குடும்பம் ரூபாயில் முடிவு செய்கிறது. 'நகைக்கு ஆறு லட்சம், அதற்கு மேல் முடியாது.' 2025 தொடக்கத்தில் சென்னையில் சவரன் 57,000 ரூபாய் அளவில் இருந்தது. அப்போது ஆறு லட்சத்துக்குக் கூலி, சேதாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் பத்தரைச் சவரன் வரும். அந்த ஆண்டு டிசம்பரில் சவரன் ஒரு லட்சத்தைத் தொட்டபோது அதே ஆறு லட்சத்துக்கு ஆறு சவரன்தான். கொடுத்த பணம் மாறவில்லை. விலை ஏறிய விகிதத்துக்குச் சரியாக எடை இறங்கியது. இவர்களின் நெகிழ்ச்சி மைனஸ் 1.

இங்கே கணக்கில் ஒரு சின்னச் சிக்கல் வரும். விலை 75 சதவீதம் ஏறியிருக்கிறது, எடை 43 சதவீதம் குறைந்திருக்கிறது. வகுத்தால் 0.57 வருகிறதே, ஒன்று எங்கே என்று கேட்கலாம். மாற்றம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது ஆரம்ப விலையை அடிப்படையாக வைத்துச் சதவீதம் போடக் கூடாது. இரண்டு விலைகளின் நடுவை எடுக்க வேண்டும். 43,000 ரூபாய் ஏற்றத்தை 78,500-ஆல் வகுத்தால் 0.55. நாலரைச் சவரன் குறைவை எட்டே கால் சவரனால் வகுத்தாலும் 0.55. இப்போது விகிதம் ஒன்று. தங்கம் மாதிரி தாறுமாறாக ஏறும் பொருளில் இந்த நடுப்புள்ளி முறையை விட்டுவிட்டால் நெகிழ்ச்சி உண்மையில் இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும். 23 சதவீத ஏற்றத்தில் அந்த வித்தியாசம் சிறியது. 75 சதவீதத்தில் ஏமாற்றிவிடும்.

இரண்டாவது வகைக் குடும்பம் சவரனில் முடிவு செய்கிறது. 'பொண்ணுக்குப் பத்துப் பவுன் போடுகிறோம்' என்று நிச்சயத்தில் சபையில் சொல்லியாகிவிட்டது. விலை எங்கே போனாலும் பத்துப் பவுன் பத்துப் பவுன்தான். இவர்களின் நெகிழ்ச்சி பூஜ்யம். தாலிக்கும் அப்படித்தான், விலை ஏறிவிட்டது என்று யாரும் தாலியைத் தள்ளிப்போடுவதில்லை. பிறந்தநாளுக்குத் தோடு, தீபாவளிக்குச் செயின், கையில் மிச்சம் இருந்தால் ஒரு வளையல் என்று வாங்குவதுதான் முதலில் உதிரும். நாட்டு மொத்தத்தில் இந்த இரண்டு வகையும் கலந்திருப்பதால்தான் விடை பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது.

விலை பாயும் அந்தச் சில வாரங்களில் மட்டும் நெகிழ்ச்சி இதைவிடப் பெரிதாகத் தெரியும். நகை நீடித்து உழைக்கும் பொருள். அரிசி மாதிரி இந்த மாதமே வாங்கியாக வேண்டும் என்பதில்லை. 'இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம், இறங்கும்' என்று கல்யாண வீட்டார்கூட ஒத்திப்போடுவார்கள். காலையில் ஒரு ரேட், மதியம் ஒரு ரேட் என்று போர்டு மாறும் நாட்களில் கடை வெறிச்சோடுவது அதனால்தான். புது விலை பழகியதும் கொஞ்சம் பேர் திரும்பி வருவார்கள். ஆனால் வேறு எடைக்கு வருவார்கள், அல்லது 22 காரட்டிலிருந்து 18 காரட்டுக்கு இறங்குவார்கள். 9 காரட் நகைக்கும் 2025-இல் ஹால்மார்க் வந்துவிட்டது. முதலில் பெரிய வீழ்ச்சி, பிறகு ஓரளவு மீட்சி என்பதுதான் நகைத் தேவையின் வழக்கமான போக்கு.

இப்போது விற்கிற பக்கம். எனக்கு இதுதான் சுவாரசியமான பக்கம். இங்கேதான் பலர் தவறாக யோசிக்கிறார்கள்.

விலை ஏறினால் உற்பத்தி கூடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். தங்கச் சுரங்கத்தில் அது சட்டென்று நடக்காது. புதுச் சுரங்கம் ஒன்று கண்டுபிடிப்பிலிருந்து முதல் கட்டி வரைக்கும் வரப் பத்து வருடங்களுக்கு மேல் பிடிக்கும். உலகச் சுரங்க உற்பத்தி வருடத்துக்கு 3,600 டன்னைச் சுற்றியே நிற்கிறது. விலை 23 சதவீதம் ஏறிய வருடத்திலும் அது பெரிதாக நகரவில்லை. ஆக, குறுகிய காலத்தில் விலைக்குப் பதில் சொல்லக்கூடிய அளிப்பு ஒன்றே ஒன்றுதான்: ஏற்கெனவே வீடுகளில் இருக்கிற தங்கம். இதுவரை தோண்டி எடுத்ததில் நகையாக மட்டும் 90,000 டன்னுக்கு மேல் இருப்பதாகக் கணக்கு. 2024-இல் வந்த 1,370 டன் அதில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. இருப்பில் இன்னும் அரை சதவீதம் அசைந்தால் போதும், வருடாந்திர வரத்து மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். இருப்பு இவ்வளவு பெரிதாகவும் வருடாந்திர வரத்து இவ்வளவு சிறிதாகவும் இருக்கும் ஒரு பொருளில், வீடுகளில் நடக்கும் சின்னச் சின்ன மனமாற்றங்கள் சந்தைக் கணக்கில் பெரிய தாவலாகத் தெரியும்.

ஆனால் அந்த மனமாற்றம் எந்த விலையில் நடக்கிறது? அதற்குக் கடைப் பில்லைப் பார்க்க வேண்டும்.

சவரன் 57,000 ரூபாய் இருந்தபோது ஒருவர் ஒரு சவரன் வளையல் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். செய்கூலியும் சேதாரமும் சேர்த்து 15 சதவீதம், அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. கையிலிருந்து போனது சுமார் 67,500 ரூபாய். விற்கப் போனால் கூலியும் கிடைக்காது, சேதாரமும் கிடைக்காது, வரியும் திரும்பாது. தங்கத்துக்கு மட்டும்தான் காசு. அதிலும் வாங்குகிற கடை இரண்டு மூன்று சதவீதம் கழிக்கும். போட்ட பணம் திரும்ப வேண்டுமென்றால் சவரன் விலை 69,600 ரூபாயாவது ஆக வேண்டும். அதாவது 22 சதவீதம் ஏறிய பிறகுதான் அவர் நஷ்டமில்லாமல் விற்க முடியும். அதற்குக் கீழே எந்த விலையிலும், அவசரத் தேவை இல்லாத வரைக்கும், அந்த வளையல் பீரோவை விட்டு வெளியே வராது.

ஒவ்வொரு நகைக்கும் இப்படி ஒரு வாசல் விலை உண்டு. எப்போது வாங்கியது, எவ்வளவு கூலி கொடுத்தது, கல் வைத்ததா வெறும் தங்கமா என்பதைப் பொறுத்து அது மாறும். அம்மா காலத்து நகையின் வாசல் பணக் கணக்கில் எப்போதோ தாண்டியாகிவிட்டது. ஆனால் அதற்கு மனக்கணக்கு வேறு. அறுந்த செயின், ஒற்றைத் தோடு, பிடிக்காமல் போன டிசைன் இவற்றின் வாசல் தாழ்வு. விலை வருடத்துக்கு ஐந்தாறு சதவீதம் என்று மெதுவாக ஏறும்போது ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் நகைகள் மட்டும் வாசலைத் தாண்டும், யாரும் கவனிப்பதில்லை. ஆறே மாதத்தில் 30 சதவீதம் பாய்ந்தால், கடந்த சில வருடங்களில் வாங்கிய நகைகளின் வாசல்கள் மொத்தமாக ஒரே சமயத்தில் தாண்டப்படும். விலை ஏறியது என்பதைவிட விலை தாவியது என்பதற்குத்தான் பழைய தங்கம் பதில் சொல்கிறது.

விற்கப் போகிறவர் போர்டு விலையைப் பார்த்து மனதில் போடும் கணக்குக்கும் கையில் வரும் பணத்துக்கும் ஒரு இடைவெளி உண்டு. அதையும் அருகில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அந்த இடைவெளியும் வாசலை உயர்த்துகிறது. சவரன் ஒரு லட்சம் விற்கும்போது ஒருவர் ஹால்மார்க் காலத்துக்கு முந்தைய 24 கிராம் செயினை எடுத்து வருகிறார். மூன்று சவரன், மூன்று லட்சம் என்பது அவர் கணக்கு. கடையில் வெங்காரம் போட்டு மூசையில் உருக்குகிறார்கள். அழுக்கும், இணைப்புகளில் பற்றவைத்த பொடியில் கொஞ்சமும் கழிந்து 23.4 கிராம் கட்டியாக நிற்கிறது. அதைக் காரட் பார்க்கும் மெஷினில் வைத்தால் 88.5 சதவீதம் காட்டுகிறது, 916-க்குரிய 91.6 சதவீதம் வரவில்லை. 23.4-ஐ 0.885-ஆல் பெருக்கினால் சுத்தத் தங்கம் 20.7 கிராம். அன்றைக்கு 24 காரட் கிராம் 13,636 ரூபாய் என்றால் சுமார் 2,82,000 ரூபாய். கடை 2 சதவீதம் கழித்தால் 2,76,000 சொச்சம். எதிர்பார்த்ததைவிட 23,000 ரூபாய்க்கு மேல் குறைவு. அவர் கட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, உருக்கியாகிவிட்டதே, இனி என்ன செய்வது என்று விற்றுவிட்டுப் போவார். பக்கத்தில் நின்று பார்த்த உறவினர் தன் நகையை எடுக்காமலே வீட்டுக்குப் போய்விடுவார். நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கீழே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். உருக்கும் முன்பே மெஷினில் பார்த்து ஒரு உத்தேசம் சொல்லச் சொல்வது விற்பவரின் உரிமை. ஆனால் மெஷின் மேற்பரப்பைத்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் பொடி அதற்குத் தெரியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசல் விலை என்று யோசித்தால் இன்னொரு புதிரும் விடுபடும். 2009-இல் தங்கத்தின் சராசரி விலை 972 டாலர். அந்த வருடம் உலகில் வந்த பழைய தங்கம் 1,700 டன் அளவில். அதுவரை காணாத உச்சம். 2011-இல் சராசரி விலை 1,571 டாலர், அதாவது 60 சதவீதத்துக்கும் மேல் அதிகம். அளிப்பு நெகிழ்ச்சி நிலையான எண்ணாக இருந்தால் பழைய தங்கம் இரண்டாயிரம் டன்னைத் தாண்டியிருக்க வேண்டும். உண்மையில் அது 2009-ஐவிடக் கொஞ்சம் குறைந்தது.

ஏன் என்றால், தாழ்ந்த வாசலில் இருந்த நகைகள் 2009-லேயே போய்விட்டன. அறுந்த செயின் ஒரு தடவைதான் விற்கலாம். மேற்கத்திய நாடுகளில் தபாலில் நகையை அனுப்பிப் பணம் வாங்கும் கடைகள் அந்தச் சமயத்தில்தான் முளைத்து, மக்கள் மறந்துபோயிருந்த மோதிரங்களையெல்லாம் வழித்து எடுத்தன. மிச்சம் இருந்தது, விற்க மனம் இல்லாதவர்களின் நகை. கூடவே 2009 நிதி நெருக்கடியின் வருடம். வேலை போனவர்கள் விலையைப் பார்த்து விற்கவில்லை, தேவைக்கு விற்றார்கள். இதை நெகிழ்ச்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. விலை ஏறியதால் அதிகம் விற்பது அளிப்புக் கோட்டின் மேலேயே நகர்வது. வருமானம் போனதால் விற்பது கோடே இடம் பெயர்வது. 2009-இல் இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததால்தான் அந்த உச்சம் அவ்வளவு உயரமாகத் தெரிகிறது.

இந்தியாவிலும் 2009-இன் முதல் மூன்று மாதங்கள் பாடம்தான். ரூபாய் விலை 10 கிராமுக்கு 15,000-ஐத் தாண்டியபோது வாங்குவது பாதிக்கும் மேல் விழுந்தது. உள்ளூரில் வந்த பழைய தங்கமே கடைகளின் தேவைக்குப் போதுமானதாக இருந்ததால் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றே போனது. உலகின் மிகப் பெரிய தங்க இறக்குமதி நாடு சில வாரங்கள் தன் பீரோவிலிருந்தே பிழைத்தது என்று சொல்லலாம்.

எந்த விலைக்கு மக்கள் பதில் சொல்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாலர் விலைக்கு இல்லை, தங்கள் ஊர்ப் பணத்தில் உள்ள விலைக்கு. 1998-இல் தங்கம் 300 டாலருக்கும் கீழே கிடந்தது. டாலர் கணக்கில் படுமந்தம். ஆனால் இந்தோனேசிய ரூபியா தன் மதிப்பில் பெரும்பகுதியை இழந்திருந்ததால், ஜகார்த்தாவில் இருந்தவருக்குத் தங்கம் சில மாதங்களில் பல மடங்கு ஏறியிருந்தது. அங்கிருந்தும் தாய்லாந்திலிருந்தும் பழைய தங்கம் கொட்டியது. டாலர் விலையை மட்டும் வைத்து நெகிழ்ச்சி போட்டால் அந்த வருடத்தில் விலை இறங்க இறங்க மக்கள் விற்றதாகத் தெரியும். அது அபத்தம்.

இனி 2025 கேள்வி. சவரன் 57,000-லிருந்து ஒரு லட்சம். வாங்கும் பக்கம் பாடப்புத்தகம் சொன்னபடியே நடந்தது: இந்தியாவில் நகைத் தங்கம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. விற்கும் பக்கம் மட்டும் ஏமாற்றியது. 2024-இல் 114 டன்னாக இருந்த பழைய தங்க வரத்து கூடவில்லை, நூறு டன்னுக்குக் கீழே போய்விட்டது. அளிப்பு நெகிழ்ச்சி மைனஸா என்று கேட்கத் தோன்றும். இல்லை. நகையை வைத்திருப்பவருக்கு விற்பது ஒன்றுதான் வழி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதால் வரும் குழப்பம் இது.

விலை ஏறினால் நகை வைத்திருப்பவர் முன்னால் மூன்று வழிகள் திறக்கின்றன. விற்கலாம். பழையதைக் கொடுத்துப் புதிது மாற்றலாம். அடகு வைக்கலாம். உலகத் தங்கக் கவுன்சில் 'மறுசுழற்சி' என்று எண்ணுவது காசுக்கு விற்றதை மட்டும்தான்.

மாற்றிக்கொள்வதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சவரன் பழைய நகையைக் கொடுத்து, கூலிக்கும் சேதாரத்துக்கும் மட்டும் பணம் போட்டு, புது டிசைனில் நகை எடுத்துப் போகிறார் ஒருவர். கடையைப் பொறுத்தவரை இது வியாபாரம். மறுசுழற்சிக் கணக்கில் இது வராது, நகைத் தேவைக் கணக்கிலும் வராது. இரண்டு பக்கமும் கழிந்துவிடும். விலை ஏற ஏற இப்படி மாற்றுபவர்களின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. ஏனென்றால் பழையதும் புதியதும் சேர்ந்தே ஏறுவதால் மாற்றிக்கொள்கிறவருக்குத் தங்க விலை வலிப்பதில்லை. வாங்குவது கால் பங்கு குறைந்தது என்ற எண்ணுக்குப் பின்னால் இவர்களும் ஒளிந்திருக்கிறார்கள். நகை வாங்குவதை நிறுத்தியவர்கள் எல்லாரும் கடைக்கு வருவதை நிறுத்திவிடவில்லை.

அடகுதான் பெரிய காரணம். ரிசர்வ் வங்கியின் கணக்கில் 2025-இல் வங்கிகளின் நகைக்கடன் ஓராண்டில் இரட்டிப்புக்கும் மேல் ஆனது. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஆண்டு இறுதியில் ஒரு சவரன் ஒரு லட்சம் ஆனபோது 75 சதவீதம், அதாவது 75,000 ரூபாய் கடனாகக் கிடைத்தது. வருடத்தொடக்கத்தில் அதே நகைக்கு 43,000-க்குள்தான் கிடைத்திருக்கும். நகை நம்முடையதாகவே இருக்கிறது, செய்கூலி சேதாரம் போகவில்லை, விலை இன்னும் ஏறினால் அந்த லாபமும் நமக்கே. நகையை மீட்டு அதிகத் தொகைக்கு மறுபடி வைப்பவர்களும் ஏராளம். பணத் தேவை இருந்தவர்களும் 'விலை நல்லா இருக்கே' என்று நினைத்தவர்களும் விற்கும் கவுண்ட்டருக்குப் பதில் வங்கிக்குப் போனார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது எதிர்பார்ப்பு. ஏறிய விலை இறங்கிவிடும் என்று நினைப்பவர் விற்பார். இன்னும் ஏறும் என்று நினைப்பவர் அடகு வைப்பார். 2009-இன் தொடக்கத்தில் 15,000 என்பது மக்களுக்கு உச்சமாகத் தெரிந்தது. 2025-இல் ஒவ்வொரு உச்சமும் அடுத்த மாதமே பழசாகிப்போனதைப் பார்த்துவிட்டு யார் விற்பார்கள்? போன மாதம் விற்ற பக்கத்து வீட்டுக்காரர் புலம்புவதைக் கேட்டவர்கள் நிச்சயமாக விற்கமாட்டார்கள். வாங்குபவரிடமும் இது வேலை செய்கிறது. ஏறும் என்று நம்பியவர்கள் நகையை விட்டுவிட்டுத் தங்கக் காசாகவும் கட்டியாகவும் வாங்கினார்கள். கூலி மிகக் குறைவு என்பதால் அதன் வாசல் விலை தாழ்வு. பின்னாளில் விலை பாயும்போது முதலில் வெளியே வரப்போவதும் அந்தக் காசுகள்தான்.

ஆகவே விலை நெகிழ்ச்சியைச் சொல்லும்போது 'மற்றவை மாறாதிருக்க' என்று ஒரு நிபந்தனை சேர்ப்பார்களே, தங்கத்தில் அந்த மற்றவைகளில் மிக முக்கியமானது நாளைய விலையைப் பற்றிய நினைப்பு. அது மாறாமல் இருந்தால் பாடப்புத்தகம் சரியாக வேலை செய்யும். விலை ஏற்றமே அந்த நினைப்பையும் மாற்றிவிட்டால் எண் எந்தப் பக்கமும் போகும்.

உங்கள் ஊரில் எது நடக்கிறது என்று பத்திரிகைக்குக் காத்திருக்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கட்டித் தங்கம் மொத்தமாக விற்கும் இடங்களில், உள்ளூர் விலை இறக்குமதி அடக்க விலைக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்று கேளுங்கள். கீழே போனால் அதை டிஸ்கவுண்ட் என்பார்கள். பழைய தங்கம் நிறைய வந்து, வாங்க ஆளில்லாமல் இருக்கும்போது டிஸ்கவுண்ட் விரியும். இறக்குமதி செய்பவர் கையைக் கட்டிக்கொள்வார். டிஸ்கவுண்ட் இருந்தும் பழைய நகை வாங்கும் கவுண்ட்டரில் கூட்டம் இல்லையென்றால், வாங்குவது மட்டும் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடகுக்குப் போன தங்கம் பற்றி ஒன்று மட்டும் பாக்கி. அது விற்கப்படவில்லையே தவிர, விற்பனைக்கு மிக அருகில் நிற்கும் தங்கம். ஒரு லட்ச ரூபாய்ச் சவரனுக்கு 75,000 கடன் வாங்கியவர், 12 சதவீத வட்டியில் ஒரு வருடம் கட்டாமல் விட்டால் 84,000 கட்ட வேண்டும். அதற்குள் விலை 20 சதவீதம் இறங்கிச் சவரன் 80,000 ஆகிவிட்டால், நகையை மீட்பதைவிட விட்டுவிடுவதே அவருக்கு லாபம். வங்கி ஏலம் போடும். 2013 ஏப்ரலில் தங்கம் இரண்டே வர்த்தக நாட்களில் 13 சதவீதம் அளவுக்கு விழுந்தபோது நகைக்கடன் நிறுவனங்கள் இப்படித்தான் மாட்டிக்கொண்டன. அந்த வருடம் உலக அளவில் பழைய தங்கம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. விலை இறங்கியதால் வாங்குபவர்கள் முண்டியடித்தார்கள், விற்பவர்கள் ஒதுங்கினார்கள், நெகிழ்ச்சி இரண்டு பக்கமும் பாடப்புத்தகப்படியே நடந்தது. ஏலத்துக்கு வந்த நகை மட்டும் எதிர்த் திசையில் நகர்ந்தது. அப்போது அது மொத்தத்தில் சின்னப் பங்கு. 2025-இல் நகைக்கடனாகக் கொடுக்கப்பட்டிருந்த தொகை அப்போது இருந்ததைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் அடுத்த பெரிய இறக்கத்தில், விலை விழ விழப் பழைய தங்க வரத்து ஏறும் மாதங்களை இந்தியாவில் பார்க்க நேரிடலாம்.